காரிருள் வேந்தனும் கூழ்வடாமும்

தெருக்கூத்தில் துரியோதனன் எப்படி வருவான் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் ஒரு திரைத்துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே சலங்கை குலுங்கும், கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும். திரை விலகுவதற்குள் தன் குலம், படை, பராக்கிரமம் எல்லாவற்றையும் பாடி முடித்துவிடுவான். பக்கத்திலேயே கட்டியங்காரன் நிற்பான். ராஜா வானத்துக்கும் பூமிக்குமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவன் பேச்சுத் தமிழில் ஊர்ச் சங்கதி எதையாவது இடையில் போடுவான். ராஜா பதில் சொல்லியே ஆகவேண்டும். கூட்டம் சிரிக்கும். பிறகு ராஜா விட்ட இடத்திலிருந்து பெருமையைத் தொடருவார். ஆனால் ஒரு சுற்று குறைந்திருக்கும்.

வில்லன் தனியாக நின்று தன் மாபெரும் சதித்திட்டத்தை விவரிக்க, அது குழாய்த் தண்ணீர், சில்லறைத் தட்டுப்பாடு போன்ற அற்ப விஷயங்களில் சிக்கிக் கவிழும் நகைச்சுவைத் தனிப்பேச்சு இன்று உலகம் முழுக்க எழுதப்படுகிறது. கல்லூரி மேடைகளில் மோனோ ஆக்டிங் என்ற பெயரில் நடிக்கிறார்கள். மேற்கத்திய சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். துரியோதனனையும் கட்டியங்காரனையும் ஒரே ஆளுக்குள் அடைத்துவிட்டால் வருவது இதுதான்.

வில்லன் ஏன் பேசவேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவோம். கதாநாயகனைக் கட்டிப்போட்டாயிற்று, சுட்டுவிட்டுப் போகலாமே? எழுதுபவருக்கு அவன் பேச்சு தேவை. திட்டம் என்னவென்று பார்வையாளருக்குச் சொல்ல வேறு வழியில்லை, கதாநாயகன் கயிற்றை அவிழ்க்கவும் நேரம் வேண்டும். நம் பி.எஸ்.வீரப்பாவும் நம்பியாரும் அசோகனும் பேசி வாழ்ந்த இடம் அதுதான். இந்தச் சம்பிரதாயம் எவ்வளவு அபத்தம் என்பதற்கு 1964இல் வந்த ‘கோல்டுஃபிங்கர்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படமே போதும். அமெரிக்கத் தங்கக் கிடங்கைத் தாக்கும் திட்டத்தை வில்லன் ஒரு பெரிய மாதிரி அமைப்பெல்லாம் வைத்து, கூட்டாளித் தாதாக்களுக்கு விலாவாரியாக விளக்குகிறான். விளக்கி முடித்ததும் கதவை அடைத்து, விஷவாயுவைத் திறந்து அவர்களைக் கொன்றுவிடுகிறான். கொல்லப்போகிறவர்களுக்கு எதற்கு விளக்கம்? நமக்குத்தான். அவர்கள் வெறும் சாக்கு.

இந்த அபத்தம் எல்லோருக்கும் பழகிப்போன பிறகு கிண்டல் தொடங்கியது. 2004இல் வந்த ‘தி இன்க்ரெடிபிள்ஸ்’ அனிமேஷன் படத்து வில்லன், பேசிக்கொண்டிருக்கும்போதே தான் வசனத்தில் மாட்டிக்கொண்டதை உணர்ந்து தன்னையே நொந்துகொள்கிறான். ஆனால் நம் விஷயத்துக்கு நெருக்கமான உதாரணம் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 1997இல் வந்த முதல் ‘ஆஸ்டின் பவர்ஸ்’ படத்தில் இருக்கிறது. அதில் டாக்டர் ஈவில் என்ற வில்லன் முப்பது ஆண்டுகள் உறைநிலையில் இருந்துவிட்டு எழுகிறான். எதிரியைக் கொல்ல அவன் கேட்டு வைத்திருந்தது, தலையில் லேசர் கருவி பொருத்திய சுறா மீன்கள். அவனுடைய உதவியாளன் மென்று விழுங்கிக்கொண்டு சொல்கிறான்: நீங்கள் உறைந்திருந்த காலத்தில் சுறாக்கள் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்ந்துவிட்டன, அனுமதி வாங்க மாதக்கணக்காகும், அதனால் வேறு ரக மீன்கள்தான் கிடைத்தன. வில்லன் பெருமூச்சு விடுகிறான். அந்த மீன்களுக்காவது முன்கோபம் உண்டா என்று விசாரிக்கிறான். உண்டு என்றதும் கொஞ்சம் சமாதானம் ஆகிறான்.

இந்தக் கலையின் முக்கியமான சங்கதி அந்தச் சமாதானத்தில் இருக்கிறது. சுறா கிடைக்காததைவிட, கிடைத்த மீனை வைத்து ஒப்பேற்ற அவன் தயாராவதுதான் சிரிப்பு. சட்டத்தை மதிக்காதவன் அனுமதிச் சீட்டை மதிக்கிறான். உலகையே அழிக்கக் கிளம்பியவன், கடையில் கேட்ட சாமான் இல்லையென்றால் நாம் எப்படி “சரி, இருக்கிறதைக் கொடுங்க” என்போமோ, அதையே செய்கிறான்.

வடிவேலுவின் கைப்புள்ள (‘வின்னர்’, 2003) இதில் சேரமாட்டாரா என்று கேட்கலாம். எனக்குப் பிடித்த பாத்திரம்தான். ஆனால் அவர் வேறு வகை. அவருடைய வீறாப்பு தன்னைவிட பலசாலியிடம் மோதி உடைகிறது. நாம் பேசும் வில்லனோ நிஜமாகவே பலசாலி, அறிவாளி, அவனுடைய இயந்திரம் நிஜமாகவே வேலை செய்யும். அவனை எதிர்க்க யாருமே இல்லை. எதிரே நிற்பவருக்கு அவன் வில்லன் என்றே தெரியாது, தெரிந்தாலும் அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. அடையாள அட்டை நகல் கேட்கும் குமாஸ்தா வீரத்தால் கேட்பதில்லை, எல்லோரிடமும் கேட்கிறார்.

இதை விளக்கிச் சொல்வதைவிட எழுதிக் காட்டுவது சுலபம். ஒரு வில்லனை உருவாக்குவோம். பெயர் காரிருள் வேந்தன். சென்னையில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறான். திட்டம்: நகரத்தின் மேல் ஒரு மாயக் குடையை விரித்துச் சூரியனை மறைப்பது, பிறகு வெளிச்சத்தை யூனிட் கணக்கில் மக்களுக்கே விற்பது. கேட்பதற்குப் பிரமாண்டமாக இருக்கிறது, யார் உடம்பிலும் ரத்தம் வரவில்லை. இது முக்கியம். திட்டத்தில் நிஜமான சாவு இருந்தால், அது தோற்கும்போது பார்ப்பவருக்கு நிம்மதி வரும், சிரிப்பு வராது. குண்டு வைக்கும் வில்லனை வைத்து இதை எழுதியவர்கள் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

திட்டத்துக்கு ஒரு நேரமும் இடமும் வேண்டும். ‘ஒருநாள் உலகை ஆள்வேன்’ என்பவனைத் தாமதப்படுத்த முடியாது, அவனுக்குத்தான் அவசரமே இல்லையே. அதனால் நிஜ வானியலிலிருந்து ஒரு கெடு கொடுப்போம். சென்னையில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வந்து, நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாத நாள் ஆண்டில் இரண்டு முறை வரும்: ஏப்ரல் 24 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 18 வாக்கில் மற்றொன்று. ஏப்ரலில் அந்தத் தருணம் பகல் 12 மணி 7 நிமிட அளவில் அமையும். நம் வேந்தனின் இயந்திரம் அந்த நிமிடத்தில், மொட்டை மாடியின் நட்டநடுவில் நின்றால்தான் வேலை செய்யும்.

இனி இடைஞ்சல். இங்கேதான் முதல்முறை எழுதுபவர்கள் தடுக்கி விழுகிறார்கள். மின்வெட்டு, டிராஃபிக், ஓடிபி வரவில்லை, லிஃப்ட் ரிப்பேர், கேன் தண்ணீர் வரவில்லை என்று வரிசையாகப் பத்து தொல்லைகளை அடுக்கிவிடுவார்கள். மூன்றாவதிலேயே கேட்பவருக்கு அலுத்துவிடும், ஏனென்றால் அடுத்து வருவதும் இன்னொரு தொல்லைதான் என்று தெரிந்துவிட்டது. அதோடு மின்வெட்டு என்பது விபத்து. வில்லன் அதற்கு எதுவும் செய்யவேண்டியதில்லை, உட்கார்ந்து திட்டினால் போதும். அவனை ஆட்டிவைக்கும் இடைஞ்சல் ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும், அது வளரவேண்டும், ஒவ்வொரு படியிலும் அவனே ‘சரி’ சொல்லவேண்டும்.

மொட்டை மாடி, ஏப்ரல், வெயில். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை: கூழ்வடாம்.

வடாம் பிழிந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், அதை நகர்த்த முடியாது. அரிசிமாவும் ஜவ்வரிசியும் சேர்த்துக் காய்ச்சிய கூழை, நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியில் காலையில் பிழிந்துவிட்டால், அது ஒரு வெயில் முழுக்க அங்கேயே கிடக்கவேண்டும். பாதி காய்ந்த நிலையில் துணியைத் தூக்கினால் தொய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலே உலர்ந்து உள்ளே ஈரமாக இருக்கும்போது உரிக்கப் பார்த்தால் பிய்ந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்துத்தான் உரித்தெடுப்பார்கள். ஆக, பகல் 12:07க்கு அந்த வேட்டியை எந்தச் சக்தியாலும் அசைக்க இயலாது. சதித்திட்டம் எவ்வளவு துல்லியமோ, தடையும் அவ்வளவு துல்லியமாக இருக்கவேண்டும் என்பது இதற்குத்தான். ‘மாடியில் ஏதோ சாமான் கிடந்தது’ என்று எழுதினால், நகர்த்தவேண்டியதுதானே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார். கேட்டால் கதை முடிந்தது.

வடாமுக்குச் சொந்தக்காரர் கீழ்வீட்டு சரோஜாம்மா. அவர் மேடைக்கு வரமாட்டார், அவர் குரலும் கேட்காது. தனிப்பேச்சில் இதுதான் வசதி. பக்கத்தில் ஒருவர் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டு மறுமுனையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாமே ஊகிப்போமே, அதுபோல. ஊகிக்கும் வேலையைப் பார்வையாளருக்குக் கொடுத்துவிட்டால் சிரிப்பில் பாதியை அவரே தயாரித்துக்கொள்வார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டப்பட்ட இன்ஸ்பெக்டர் இருக்கிறார். அவருக்கும் வசனம் கிடையாது.

தொடக்கம் இப்படி:

“அசையாதே இன்ஸ்பெக்டர்! அசைந்து பயனில்லை. இன்னும் நாற்பத்தேழு நிமிடங்கள். அதன்பின் இந்த மாநகரம் அறியப்போவது ஒரே ஒரு நிறம். கருமை! பதினோரு ஆண்டுகள் உறக்கமின்றி உழைத்து நான் உருவாக்கிய இந்தக் கவிகை யந்திரம் விரியும் கணத்தில் சூரியன் என் கைதி. விடியல் வேண்டுமா? விலை கொடு! துணி காயவேண்டுமா? முன்பதிவு செய்! பகலவன் உச்சியில் நிற்கும் அந்தப் புனித நிமிடத்தில், இந்த மாடியின் மையப் புள்ளியில்... இது என்ன? இங்கே வேட்டி விரித்தது யார்?”

இந்த முதல் பகுதியில் நகைச்சுவை எதையும் வைக்கக்கூடாது. ‘துணி காயவேண்டுமா’ என்பது மட்டும் ஒரு சின்ன விதை. வில்லனை நாம் முழுசாக நம்பவேண்டும், கொஞ்சம் பயமும் வரவேண்டும். நடிப்பவர்கள் இங்கேயே கண்ணைச் சிமிட்டி, நான் காமெடி வில்லன் என்று காட்டிக்கொடுத்துவிட்டால் பின்னால் விழுவதற்கு உயரமே இருக்காது. நாடகத் தமிழ் இதற்குக் கைகொடுக்கிறது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையே நமக்கு இருக்கும் தூரம் நகைச்சுவை எழுதுபவனுக்குக் கிடைத்த சொத்து. வில்லன் கடைசிவரை செந்தமிழிலேயே நிற்கட்டும். வடாமைப் பற்றியும் செந்தமிழிலேயே பேசட்டும்.

“சரோஜாம்மா! தாங்களா? இல்லை, கோபமில்லை. இவர்? இவர் என் நண்பர். கயிறா? முதுகுவலிக்கு. அம்மா, இந்த வஸ்திரத்தைச் சற்றே அப்புறப்படுத்த இயலுமா? ...ஒட்டிக்கொள்ளுமா? ...ஆம், அறிவேன், என் அன்னையும் அவ்வாறே உரைப்பார். மாலை வரையா? அம்மா, சூரியன் மாலை வரை... அதாவது, இன்று சற்று மேகமூட்டம் நேரக்கூடும் என்று ஒரு செவிவழிச் செய்தி. ...டிவியில் சொல்லவில்லையா? ஓரத்தில் வைப்பதா? யந்திரத்தையா? அம்மா, இது குக்கர் அல்ல. ...ஆம். மெயின்டெனன்ஸ் சென்ற மாதமும் தரவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.”

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவனை மடக்கியது வடாம் மட்டுமில்லை, அவன் அம்மாவும்தான். வடாம் ஒட்டிக்கொள்ளும் என்பது அவனுக்கே தெரியும். தெரியாதவனாக இருந்தால் இழுத்து எறிந்திருப்பான். பெரிய தீமையைச் செய்யத் துணிந்தவனுக்குச் சின்னத் தீமை செய்யக் கை வரவில்லை. டிஸ்னி சேனலில் 2007இல் தொடங்கிய ‘ஃபினியாஸ் அண்ட் ஃபெர்ப்’ தொடரின் வில்லன் டாக்டர் டூஃபன்ஷ்மர்ட்ஸ் இதைத் தலைகீழாகச் செய்வார். அங்கே அற்பம் இருப்பது திட்டத்தின் காரணத்தில். சிறுவயதில் வீட்டுத் தோட்டத்துக் குள்ளபொம்மை பறிபோனதால், அதற்குப் பதில் இவரைத் தோட்டத்தில் நிற்கவைத்தார்கள். அதனால் வளர்ந்தபின் ஊரிலுள்ள தோட்டத்துப் பொம்மைகளையெல்லாம் அழிக்க ஒரு இயந்திரம் செய்கிறார். ஒவ்வொரு முறையும் எதிரியைக் கூண்டில் பூட்டிவிட்டு, முதலில் அந்தப் பழங்கதையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். குழந்தைகள் பார்க்கும் தொடர்தான், ஆனால் எழுதக் கற்பவர்களுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது என்பேன்.

மூன்றாம் பகுதியில் இடைஞ்சல் வளரவேண்டும். வளர்வது என்றால் புதிதாக ஒன்று வந்து சேர்வதில்லை, இருப்பதே அவனிடம் இன்னும் கொஞ்சம் கேட்பது. சரோஜாம்மா நல்லவர், அண்டை வீட்டார்மேல் நம்பிக்கை உள்ளவர். அதனால் கேட்கிறார்.

“காவலா? நானா? அம்மா, நான் காரிருள் வேந்தன். ...சிலிண்டர்காரர் வாசலில் நிற்கிறாரா? ஐந்தே நிமிடமா? ...சரி. சரி, போய் வாருங்கள். (மௌனம்.) இன்ஸ்பெக்டர், இதில் சிரிக்க எதுவுமில்லை. பத்தொன்பது நிமிடங்கள் உள்ளன. ஐந்து போனால் பதினான்கு. பதினான்கு நிமிடத்தில் நான் ஒரு... சூ! சூ! அண்டங்காக்கையே, அப்பால் செல்! இருளின் அரசனிடமே உன் கருமையைக் காட்டுகிறாயா? சூ! ...மேலே எட்டிப் பார்க்கிறீர்களா அம்மா? என்ன? எந்தக் கறுப்புத் துணி? இது... இது என் போர்வை. என் முன்னோர் தந்த இருட் போர்வை. இதை விரித்தால் காக்கை வராதா? ...ஆம். வரவில்லை. உண்மைதான், வரவில்லை.”

கறுப்புக் குடையையோ கறுப்புத் துணியையோ வடாமின் பக்கத்தில் வைத்தால் காக்கை அஞ்சும் என்பது நம் மாடிகளில் இன்றும் நடப்பது. வில்லனின் கறுப்புப் போர்வை உலகமெங்கும் அவனுக்கு அடையாளம். இரண்டும் ஒரே பொருள் என்று கண்டதும் இந்தத் துண்டு தானாக எழுந்துகொண்டது. அவன் அதிகாரத்தின் சின்னம் எதுவோ, அதையே அன்றாடம் வந்து இரவல் கேட்கவேண்டும். வேறு வில்லனுக்கு எழுதினால், செங்கோலைக் கேட்டு வாங்கி மாங்காய் பறிக்கவைக்கலாம். ரகசியக் குகையில் சைக்கிள் நிறுத்தக் கேட்கலாம். இப்படி ஒரு பொருள் அகப்படாவிட்டால் நான் அந்தக் கருவையே கைவிட்டு வேறொன்று தேடுவேன்.

இன்ஸ்பெக்டரும் இங்கே பயன்படுகிறார். காக்கை இரண்டு பக்கமும் வருகிறது, வேந்தனுக்கு இருப்பதோ இரண்டு கை. அதனால் கைதியின் வலக்கையை மட்டும் அவிழ்த்து ஒரு குச்சியைக் கொடுக்கிறான். ‘தப்பிக்க முயலாதே’ என்று எச்சரிக்கிறான். இன்ஸ்பெக்டர் தப்பிக்கவில்லை. காக்கையை விரட்டுகிறார். இதை வசனமாக எழுதவேண்டாம், நடிப்பவர் ஒரு கை அசைவில் காட்டிவிடலாம்.

நிஜ உலகத்தில் இப்படியெல்லாம் நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு லண்டனின் ஹாட்டன் கார்டன் கொள்ளையைச் சொல்வேன். 2015 ஈஸ்டர் விடுமுறையில், பெரும்பாலும் வயதானவர்கள் அடங்கிய ஒரு கும்பல், பாதுகாப்புப் பெட்டக அறையின் அரை மீட்டர் தடிமனான கான்கிரீட் சுவரைத் துளைத்தது. ஏறத்தாழ 1.4 கோடி பவுண்டு மதிப்புள்ள நகைகளும் பணமும் போயின. அந்தக் கும்பலில் 76 வயதானவர் ஒருவர் கொள்ளையடிக்கப் போனது அரசுப் பேருந்தில், முதியோருக்கான இலவசப் பயண அட்டையைக் காட்டி. அதுவும் வேறொருவர் பெயரிலிருந்த அட்டை. முதல் இரவில், உள்ளே பெட்டக அலமாரியைத் தள்ளவேண்டிய கருவி உடைந்துபோனதால் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள், வேறு கருவி வாங்கிக்கொண்டு இரண்டு நாள் கழித்து வந்தார்கள். வெளியே காவல் நின்றவர் தூங்கிவிட்டார். கடைசியில் போலீசுக்கு வழிகாட்டியது, அவர்களில் ஒருவருடைய சொந்தக் கார் தெருக் கேமராவில் பதிவானது. இவ்வளவையும் நான் கற்பனையாக எழுதியிருந்தால் ஆசிரியர் மிகை என்று அடித்திருப்பார். அந்தப் பேருந்து அட்டையை மட்டும் வைத்தே ஒரு தனிப்பேச்சு எழுதலாம்.

இனி முடிவு. 12:07 கடந்துபோகவேண்டும், அதை வில்லன் கவனிக்கக்கூடாது. இதில் பலரும் செய்வது, மணி அடித்ததும் அவன் ‘ஐயோ, என் திட்டம்!’ என்று அலறுவது. அலறினால் அவன் தோற்றது தெரியும், அவ்வளவுதான். அதைவிட, திட்டம் போனது அவன் நினைவிலேயே இல்லாமல் போவது பெரிய தோல்வி. காக்கையை விரட்டுவதில் அவன் மும்முரம் ஏற ஏற, இயந்திரத்தின் மேல் மெதுவாகக் கை வைத்து, அதில் ஒரு ஈரத் துணியைக்கூடக் காயப்போடலாம். கூட்டத்தில் மணியைக் கணக்கு வைத்திருந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

“மணி என்ன இன்ஸ்பெக்டர்? ...பன்னிரண்டு இருபதா? (நீண்ட மௌனம்.) பரவாயில்லை. ஆகஸ்ட் பதினெட்டு இருக்கிறது. இருளுக்கு அவசரமில்லை. இருள் காத்திருக்கும்... வந்துவிட்டீர்களா அம்மா? ஒன்றைக்கூடக் காக்கை தொடவில்லை. எண்ணிக் கொள்ளுங்கள். ...எனக்கா? வேண்டாம், வேண்டாம். சரி, அந்த ஓரத்தில் உள்ளதை. (மெல்லுகிறான்.) ...உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா.”

பேச்சு முழுக்கச் செந்தமிழில் நின்றவன் கடைசி வரியில் மட்டும் இறங்குகிறான். பாதி காய்ந்த வடாமை மாடியிலேயே பிய்த்துத் தின்றவர்களுக்கு அந்த ருசி தெரியும், அதைச் செந்தமிழில் சொல்லவும் முடியாது. முன்பே எங்கேயாவது அவன் பேச்சுத் தமிழுக்கு நழுவியிருந்தால் இந்த வரி வேலை செய்யாது. ஒத்திகையில் நடிகர்கள் நழுவுவது வழக்கமாக மூன்றாம் பகுதியில், காக்கை வரும் இடத்தில்தான். ‘போ, போ’ என்று வாய் தானாக வந்துவிடும். ‘அப்பால் செல்’ என்றே சொல்லவைக்கவேண்டும்.

எழுதியது தேறுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வில்லனின் வசனத்திலிருந்து சதித்திட்டத்தை மட்டும் நீக்கிவிட்டுப் படியுங்கள். ஒரு நல்ல பக்கத்துவீட்டுக்காரன் வடாமுக்குக் காவல் இருந்த கதை மிச்சமிருந்தால் சரி. பிறகு வடாமை மட்டும் நீக்கிப் படியுங்கள். வெளிச்சத்தை விற்கும் ஒரு கொடியவனின் வேலை செய்யக்கூடிய திட்டம் மிச்சமிருக்கவேண்டும். இரண்டில் ஒன்று தனியாக நிற்கவில்லையென்றால் அந்தப் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள். பெரும்பாலான பிரதிகளில் நிற்காமல் போவது சதித்திட்டம்தான். தோற்கப்போகிற திட்டம்தானே என்று எழுதுபவர்கள் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். அதனால்தான் உச்சிச் சூரியனையும் 12:07ஐயும் தேடிப் பிடித்தேன்.

இந்த வகைக்கு ஓர் எல்லையும் உண்டு. அரை மணி நேரத்துக்கு இழுக்காது. மேடையில் நாலைந்து நிமிடம், அச்சில் ஒரு பக்கம், அவ்வளவுதான் தாங்கும். வில்லன் திட்டத்தையே மறந்த பிறகு சொல்வதற்கு ஒன்றுமில்லை. தொடர்கதை ஆக்கவேண்டுமானால் டூஃபன்ஷ்மர்ட்ஸ் போல வாரம் ஒரு புதுத் திட்டம், வாரம் ஒரு பழைய காயம் என்று போகவேண்டும், அதற்கு வேறு உழைப்பு.

கல்லூரி விழாவுக்கோ குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவுக்கோ இதுபோல எழுத நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒத்திகையில் நன்றாகச் சிரிப்பு வந்ததும், சரோஜாம்மாவையும் மேடையில் கொண்டுவந்து நாலு வசனம் கொடுக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அவர் கீழேயே இருக்கட்டும், சிலிண்டர் இறங்கிக்கொண்டிருக்கிறது.